அழித்த ஃபோட்டோ எந்தத் தொட்டியில் கிடக்கிறது, எத்தனை நாள் கிடக்கும்

‘கேலரியில் டிராஷைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை, படம் போய்விட்டது’ என்று சொல்லி ஃபோனை நீட்டுபவர்களில் பாதிப் பேருக்காவது படம் போயிருப்பதில்லை. அவர்கள் திறந்து பார்த்தது வேறொரு தொட்டி, அவ்வளவுதான். ஒரே ஆண்ட்ராய்டு ஃபோனில் இரண்டு மூன்று குப்பைத்தொட்டிகள் இருக்கும். ஃபோனோடு வந்த கேலரிக்கு ஒன்று, கூகுள் ஃபோட்டோஸுக்கு ஒன்று, கோப்புகளைப் பார்க்கும் ஆப்புக்கு இன்னொன்று. எந்த ஆப்பில் நின்று அழித்தோமோ அந்த ஆப்பின் தொட்டியைத்தான் முதலில் திறக்க வேண்டும். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எப்போது அழித்தீர்கள்?’ என்பதல்ல, ‘எதில் இருந்து அழித்தீர்கள்?’ என்பதுதான்.

ஒரு ஃபோனை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்த்துவிடலாம். 2025 மே 24 அன்று எடுத்த நாற்பது படங்கள் காணவில்லை. கேட்கும் நாள் ஜூன் 28. படம் எடுத்து முப்பது நாள் தாண்டிவிட்டதே, அவ்வளவுதான் என்று ஃபோன்காரர் முடிவுகட்டிவிட்டார். அங்கேயே ஒரு தப்பு. நாள் கணக்கு படம் எடுத்த தேதியில் இருந்து ஓடாது, அழித்த நேரத்தில் இருந்துதான் ஓடும். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தை நேற்று அழித்திருந்தாலும் அதற்கு இன்றைக்கு இருபத்தொன்பது நாள் மிச்சம் இருக்கும்.

அவர் அழித்தது கூகுள் ஃபோட்டோஸில். அங்கே Collections பகுதிக்குள் Trash இருக்கும். மொழி அமைப்பைப் பொறுத்து அதையே Bin என்றும் காட்டும். பழைய பதிப்பில் Library என்ற பகுதிக்குள் இருந்தது. உள்ளே போய் ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, வேண்டியதையெல்லாம் தேர்ந்து, Restore தட்டினால் போதும். படம் பழைய இடத்துக்கே திரும்பும், முன்பு ஏதாவது ஆல்பத்தில் இருந்திருந்தால் அங்கேயும் வந்து உட்காரும். படம் எடுத்த தேதி மாறாது. ஆகவே மீட்டதும் கேலரியின் மேல் வரிசையில் தேடிவிட்டு ‘வரவில்லையே’ என்று பதற வேண்டாம். மே 24க்கு இறங்கிப் போய்ப் பாருங்கள்.

கூகுள் ஃபோட்டோஸில் இரண்டு கெடு உண்டு, இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். பேக்கப் ஆன படம் தொட்டியில் 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாமல் ஃபோனில் மட்டும் இருந்த படம், ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய ஃபோன் என்றால், 30 நாள்தான். ஒரே நாளில் ஒன்றாக அழித்த இரண்டு படங்களில் ஒன்று இருக்கும், மற்றது இருக்காது. காரணம் இதுதான், ஆப் கெட்டுப்போகவில்லை. நாம் எடுத்துக்கொண்ட ஃபோனில் பேக்கப் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே 30 நாள் கணக்கு.

எந்த நாளில் அழித்தார் என்பது அவருக்கே நினைவில்லை. நினைவு தேவையில்லை, அந்தக் கோப்பே சொல்லும். ஆண்ட்ராய்டு 11 முதல், சிஸ்டத்தின் தொட்டிக்குப் போகும் படம் வேறெங்கும் நகர்த்தப்படுவதில்லை. இருந்த கோப்புறையிலேயே பெயர் மட்டும் மாறிக் கிடக்கிறது. முன்னால் ஒரு புள்ளி வைப்பதால் அது மறைகோப்பாகிவிடும், கேலரி அதைக் காட்டாது. கோப்பு ஆப்பின் அமைப்பில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு DCIM/Camera உள்ளே போனால், சில ஆப்களில் அப்படியே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கணினியில் இருந்து பார்க்கலாம். கணினியில் adb என்ற ஆண்ட்ராய்டு கட்டளைக் கருவியை நிறுவி, ஃபோனின் டெவலப்பர் அமைப்பில் USB debugging போட்டு, கேபிளில் இணைத்து, கணினியின் கட்டளைத் திரையில் இந்த வரியைக் கொடுக்க வேண்டும்.

```
adb shell "find /sdcard/ -name '.trashed-*'"
```

அந்த ஃபோனில் வந்த வரிகளில் ஒன்று:

```
/sdcard/DCIM/Camera/.trashed-1751350800-IMG_20250524_174512.jpg
```

நடுவில் இருக்கும் பத்து இலக்க எண்தான் விஷயம். 1970 ஜனவரி 1இல் இருந்து எண்ணிய நொடிக் கணக்கு அது. அழித்த நேரம் என்று நினைத்துவிடாதீர்கள், அழிந்துபோகப் போகும் நேரம். அதைத் தேதியாக மாற்ற ஃபோனையே கேட்கலாம்.

```
adb shell date -u -d @1751350800
```

2025 ஜூலை 1, உலகப் பொது நேரம் காலை 6:20 என்று வரும். அதிலிருந்து முப்பது நாள் பின்னால் போனால் ஜூன் 1. அன்றைக்குத்தான் அழித்திருக்கிறார். கேட்ட நாள் ஜூன் 28 என்பதால் இன்னும் ஏறக்குறைய மூன்று நாள் கையில் இருக்கிறது. தொட்டியைத் திறந்து Restore கொடுத்ததும் முப்பத்தெட்டுப் படங்கள் வந்துவிட்டன.

கெடு தாண்டிய அந்த நொடியிலேயே கோப்பு மறைந்துவிடும் என்றும் இல்லை. கெடு முடிந்தவற்றைத் துடைக்கும் வேலையை ஃபோன் சும்மா கிடக்கும் நேரத்தில், சார்ஜில் இருக்கும்போது பின்னணியில் செய்கிறது. ஆகவே கெடு இன்றோ நேற்றோ என்ற நிலையில் இருந்தால், முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் இந்த நேரத்தில் செய்யக் கூடாதது. ஆப்பில் Restore பொத்தான் ஏதோ காரணத்தால் வேலை செய்யாவிட்டால், கோப்பைக் கணினிக்கு எடுத்துப் பெயரின் முன்பகுதியை நீக்கிவிடலாம்.

```
adb pull /sdcard/DCIM/Camera/.trashed-1751350800-IMG_20250524_174512.jpg IMG_20250524_174512.jpg
```

உள்ளே இருக்கும் படம் கெடுவதே இல்லை, மாறியது பெயர் மட்டும்தான். கோப்பு ஆப்பிலேயே பெயரைத் திருத்தினாலும் இதே பலன். திருத்திய பிறகு கேலரியில் உடனே தெரியாவிட்டால் ஃபோனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இந்தப் பெயர் வித்தை எல்லாக் கேலரிக்கும் பொருந்தாது. சாம்சங் கேலரி தனக்கென்று வேறு தொட்டி வைத்திருக்கிறது. கேலரியின் மூன்று கோடு மெனுவில் Trash என்று இருக்கும், பழைய ஃபோனில் Recycle bin. கெடு 30 நாள்தான். ஆனால் அந்தத் தொட்டியையே அமைப்பில் அணைத்து வைக்க முடியும். அணைத்திருந்தால் அழித்த படம் எங்கேயும் தங்காமல் நேராகப் போய்விடும். இடம் மிச்சம் பிடிக்க எப்போதோ அணைத்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. இப்போதே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மீதி இரண்டு படத்துக்கு வருவோம். நாற்பதில் முப்பத்தெட்டு வந்தது. ஒன்றை அவர் கூகுள் ஃபோட்டோஸில் அழிக்கவில்லை, ஃபோனோடு வந்த கேலரியில் அழித்திருந்தார். அது அந்தக் கேலரியின் தொட்டியில் கிடந்தது. இதற்கு நேர்மாறான ஒரு வசதியும் உண்டு. பேக்கப் ஆன படத்தைக் கேலரியில் மட்டும் அழித்திருந்தால், ஃபோனில் இருந்த நகல்தான் போகும். கூகுள் ஃபோட்டோஸில் தேடினால் அது தொட்டியில்கூட இல்லாமல் வழக்கமான இடத்திலேயே இருக்கும், இறக்கிக்கொள்ளலாம். கூகுள் ஃபோட்டோஸுக்குள் நின்று அழித்தால் அப்படியல்ல, ஃபோனில் உள்ளதும் கூகுள் கணக்கில் உள்ளதும் சேர்ந்தே தொட்டிக்குப் போகும்.

கடைசி ஒன்று வாட்ஸப்பில் வந்த படம். அரட்டையில் செய்தியை அழிக்கும்போது, ஃபோனில் இருக்கும் படத்தையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் கேட்கும். அவர் டிக்கை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த வழியில் போனது கேலரித் தொட்டிக்கு வராது. அது திரும்பவில்லை. அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குவதுதான் வழி. இடத்தைச் சுத்தம் செய்யும் ஆப்களும் பெரும்பாலும் இதே ரகம்தான், தொட்டியைத் தாண்டி நேராக அழித்துவிடும்.

தொட்டி வைத்திருந்தும் படம் இழக்கப்படுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் கெடு முடிவது அல்ல. இடம் நிறைந்துவிட்டது என்று ஃபோன் எச்சரிக்கும், தொட்டியைக் காலி செய்யச் சொல்லும், தட்டிவிடுவார்கள். தொட்டியில் கிடக்கும் படமும் முழு அளவு இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால் ஃபோன் கேட்பதில் தவறில்லை. ஆனால் காலி செய்தபின் அந்த ஆப்பில் திரும்ப எடுக்க ஒரு பொத்தானும் கிடையாது. இடம் வேண்டுமென்றால் முதலில் பெரிய வீடியோக்களைக் கணினிக்கு மாற்றுங்கள், தொட்டியில் கைவைப்பது கடைசியாக இருக்கட்டும்.

ஐஃபோனில் தொட்டி ஒன்றே ஒன்றுதான். ஃபோட்டோஸ் ஆப்பில் கீழே Utilities பகுதியில் Recently Deleted இருக்கும். iOS 16 முதல் அதைத் திறக்க முகமோ விரலோ பாஸ்கோடோ கேட்கும். ஒவ்வொரு படத்திலும் எத்தனை நாள் மிச்சம் என்று எழுதியிருக்கும், கெடு 30 நாள். நிரந்தரமாக அழிய சிலசமயம் 40 நாள் வரை ஆகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஐகிளவுட் ஃபோட்டோஸ் போட்டிருந்தால் ஐபேடில் அழித்தது ஃபோனிலும் போகும். அதேபோல் எதில் நின்று மீட்டாலும் எல்லாவற்றிலும் திரும்பும்.

தொட்டியும் காலி, பேக்கப்பும் இல்லை என்றால்? அங்கேதான் ‘அழித்த படங்களை மீட்டுத் தரும்’ ஆப்கள் வந்து நிற்கின்றன. இன்றைய ஃபோனின் உள் சேமிப்பில் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. அழித்த இடத்தையும் ஃபோன் அவ்வப்போது துடைத்துவிடுகிறது. சாதாரண ஆப்புக்கு அந்த அடித்தளத்தைத் தொட அனுமதியும் இல்லை. அது காட்டுவது பெரும்பாலும் கேலரி தயாரித்து வைத்திருந்த சின்ன முன்னோட்டப் படங்களைத்தான். பெரிதாக்கினால் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதுதான் இது. முழுப் படம் வேண்டுமென்றால் பணம் கட்டு என்று கேட்கும், கட்டினாலும் அதே சின்னப் படம்தான் வரும்.

மெமரி கார்டில் இருந்த படம் என்றால் மட்டும் நிலைமை வேறு. ஃபோனில் அதைக் கூடுதல் சேமிப்பாக மட்டும் வைத்திருந்தால், குறியாக்கம் பெரும்பாலும் இருக்காது. அழித்ததைத் தெரிந்துகொண்ட உடனே ஃபோனை அணைத்துக் கார்டைக் கழற்றுங்கள். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு புதுப்படமும் பழைய படத்தின் மேல் எழுதப்படலாம். கார்ட் ரீடரில் கணினியில் செருகி PhotoRec போன்ற இலவசக் கருவியை ஓடவிட்டால், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துப் படங்களைத் தோண்டி எடுக்கும். பழைய பெயர்கள் வராது, எண் பெயர்களோடு நூற்றுக்கணக்கில் கொட்டும். எடுப்பதை அதே கார்டில் சேமிக்காமல் கணினியின் வட்டில் சேமிக்க வேண்டும்.