கம்பி 16 சென்டிமீட்டர் குறைந்த கதை: துருவ வடிவ வளைவின் நீளத்தை வட்டத்தில் சரிபார்த்தது

அக்கா மகள் அறையின் சுவரில் மாட்ட, இதய வடிவில் ஒரு கம்பிச் சட்டம் செய்து அதில் சீரியல் லைட் சுற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கையால் வரைந்த இதயம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது என்பதால் கார்டியாய்டு வளைவை எடுத்துக்கொண்டேன். துருவ வடிவத்தில் அது ஒரே வரிதான்: `r = 10(1 + cos θ)`, அளவு சென்டிமீட்டரில். பத்து பத்து டிகிரிக்கு r கணக்குப் போட்டு, சார்ட் பேப்பரில் புள்ளி வைத்து இணைத்தேன். அகலம் 22.5, உயரம் 26 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படம் அழகாக வந்தது.

கம்பி எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் தவறு நடந்தது. வட்ட வில்லின் நீளம் ஆரம் பெருக்கல் கோணம் என்று பள்ளியில் படித்தது மனதில் இருந்தது. ஆரம் மாறிக்கொண்டே இருந்தால் துண்டு துண்டாகக் கூட்டினால் போதும் என்று நினைத்து, r dθ-வை 0 முதல் 2π வரை தொகையிட்டேன். 62.83 வந்தது. 2 மி.மீ. அலுமினியக் கம்பியில் 64 சென்டிமீட்டர் வெட்டி, உள்ளே மடங்கும் கூர்முனையில் ஆரம்பித்து, வரைந்த கோட்டின் மேலேயே வைத்து வளைத்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் முழுதாக முடிந்து, மறுபக்கம் பாதியைத் தாண்டியதும் கம்பி தீர்ந்துவிட்டது. மீதிக் கோட்டில் நூலை வைத்து அளந்தால் இன்னும் 16 சென்டிமீட்டர் வேண்டும்.

இதில் எனக்கு நிஜமாகவே குழப்பம் தந்த விஷயம், வெட்டும் முன்பு நான் சரிபார்த்துவிட்டுத்தான் வெட்டினேன் என்பது. `r = 10` என்று வைத்தால் அது 10 செ.மீ. ஆரமுள்ள வட்டம், சுற்றளவு 2π × 10 = 62.83. என் முறையிலும் அதே 62.83 வந்தது. வட்டத்துக்குச் சரியாக வந்த முறை இதயத்துக்கு ஏன் தவறியது?

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் சார்ட்டையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "தம்பி, ஆரம் மாறவே மாறாத வட்டத்தை வச்சு சோதிச்சிருக்கீங்க. ஆரம் மாறும்போது என்ன ஆகும்னு அது எப்படிச் சொல்லும்?" "அப்ப வேற எதை வச்சு சார் சோதிக்கிறது?" என்றேன். "வட்டத்தையே வச்சுக்கோங்க, ஆனா மையத்தை நகர்த்துங்க" என்றார். அதற்கு முன் ஒரு சின்னத் துண்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முதலில் அதைச் செய்தேன். 90 டிகிரியில் r சரியாக 10. 95 டிகிரியில் 9.13. இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே கோண மாற்றம் 5 டிகிரி, அதாவது 0.0873 ரேடியன், ஆக r dθ கணக்கில் நீளம் 8.7 மி.மீ. ஸ்கேலை வைத்தால் 12 மி.மீ. இருக்கிறது. அந்த இடத்தைக் குனிந்து பார்த்தபோதே காரணம் கண்ணில் பட்டுவிட்டது. கோடு ஆரத்துக்குக் குறுக்கே மட்டும் நகரவில்லை, அதே நேரத்தில் மையத்தை நோக்கி உள்ளேயும் இறங்குகிறது. குறுக்கே 8.7, உள்ளே 8.7, இரண்டுக்கும் இடையில் செங்கோணம், கோடு அந்தச் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். பிதாகரஸ்படி 8.7-ஐ √2-ஆல் பெருக்கினால் 12.3 வருகிறது (5 டிகிரி கொஞ்சம் பெரிய துண்டு என்பதால் அந்தச் சில்லறை வித்தியாசம்). நான் கர்ணத்தை விட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சரியான சூத்திரம் இது:

```
L = ∫ √( r² + (dr/dθ)² ) dθ
```

`r = 10` என்றால் dr/dθ பூஜ்யம். வர்க்கமூலத்துக்குள் r² மட்டும் மிஞ்சும், வெளியே வந்தால் வெறும் r. அதனால்தான் சரியான சூத்திரமும் என் தவறான சூத்திரமும் அங்கே ஒரே விடை தந்தன. அந்தச் சோதனை சுத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன், கோணத்தை ரேடியனில் போடாமல் டிகிரியில் போட்டிருந்தால் 3600 என்று வந்து உடனே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் வகைக்கெழு இருக்கும் பகுதியை அது தொடுவதே இல்லை. இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்கலாம். இதயத்துக்கு வந்த 62.83-ம் வட்டத்துக்கு வந்த 62.83-ம் ஒரே எண். cos θ ஒரு முழுச் சுற்றில் கூட்டினால் பூஜ்யம், அதனால் என் முறைக்கு இதயமும் வட்டமும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. 20 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமும், 22.5-க்கு 26 அளவில் இருக்கும் இதயமும் ஒரே நீளம் இருக்க முடியாதே.

சரி, மையத்தை நகர்த்தின வட்டம். இதில் எளிதானது, ஆதிப்புள்ளி வழியாகவே போகும் வட்டம்: `r = 20 cos θ`. இதன் ஆரமும் 10தான், மையம் மட்டும் வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. சுற்றளவு மாறாது, அதே 62.83 வர வேண்டும். என் பழைய முறையில் −90 முதல் 90 டிகிரி வரை கூட்டினால் 40 வருகிறது. தவறு பளிச்சென்று தெரிகிறது. புதுச் சூத்திரத்தில் 400 cos²θ + 400 sin²θ = 400, மூலம் 20, அதை π ரேடியனுக்குப் பெருக்கினால் 62.83. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஆனால் இங்கே நான் முதலில் வேறு விடைதான் பெற்றேன். முழுச் சுற்று என்றால் 0 முதல் 2π என்று பழக்கத்தில் எல்லை போட்டு 125.66 வந்து நின்றது. சரியாக இரண்டு மடங்கு. சூத்திரத்தில் மறுபடி ஏதோ பிழை என்று தேடி ஒரு மாலை போயிற்று. கடைசியில் புள்ளி வைத்துப் பார்த்தேன். 30 டிகிரியில் r = 17.32. 210 டிகிரியில் r = −17.32. r குறை எண்ணாக வந்தால் அந்தக் கோணத்துக்கு நேர் எதிர்த்திசையில் புள்ளி வைக்க வேண்டும், 210-க்கு எதிர் 30, ஆக இரண்டும் ஒரே புள்ளி. இந்த வட்டம் 180 டிகிரியிலேயே முழுதாக வரைந்து முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் போனால் அதே கோட்டின் மேல் பென்சில் இரண்டாம் முறை ஓடுகிறது. விடை இரண்டு மடங்காக வந்தால் சூத்திரத்தை நோண்டும் முன் எல்லையைப் பாருங்கள், வளைவு எந்தக் கோணத்தில் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்புகிறது என்று நாலு புள்ளி வைத்தாலே தெரிந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் எல்லா வளைவுக்கும் கையால் தொகையிட முடியாது என்பதால் பைத்தானில் சின்னதாக ஒன்று எழுதினேன். அதைச் சோதிக்க `20 cos θ` போதாது. அங்கே மூலம் எங்கேயும் 20 என்ற மாறிலிதான், பத்தே துண்டாக வெட்டினாலும் சரியான விடை வரும், துண்டு போதுமா என்று தெரியாது. அதனால் ஆதிப்புள்ளி வட்டத்துக்கு உள்ளேயே, ஆனால் மையத்தில் இல்லாமல் இருக்கும் வட்டம் எடுத்தேன்: ஆரம் 5, மையம் 3 தள்ளி. இதில் r-ம் மாறும், dr/dθ-ம் மாறும், மூலத்துக்குள் இருப்பதும் மாறும். வட்டம் முழுதாக வர 0 முதல் 2π வேண்டும், r எங்கேயும் குறை எண் ஆகாது.

```python
from math import sin, cos, sqrt, pi

def neelam(r, a, b, n=1000):
    h = (b - a) / n
    s = 0
    for i in range(n):
        t = a + (i + 0.5) * h
        d = (r(t + 1e-5) - r(t - 1e-5)) / 2e-5
        s += sqrt(r(t)**2 + d*d) * h
    return s

print(neelam(lambda t: 3*cos(t) + sqrt(25 - 9*sin(t)**2), 0, 2*pi))
```

விடை 31.4159, அதாவது 2π × 5. அதே நிரலில் `d*d`-ஐ எடுத்துவிட்டு ஓட்டினால் 28.36 வருகிறது. மூன்று வட்டத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். தவறான முறை கிட்டத்தட்ட 10 சதவீதம் மட்டும் குறைத்துக் காட்டுகிறது, படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்பவர் அதை நம்பிவிடுவார், ஆனால் சுற்றளவு நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால் அது தப்ப முடியாது.

அப்புறம் இதயத்துக்கு வந்தேன். இதைக் கையாலேயே போடலாம். r² + (dr/dθ)² சுருங்கி 400 cos²(θ/2) ஆகிறது. மூலம் எடுக்கும்போது `20 cos(θ/2)` என்று எழுதி 0 முதல் 2π வரை தொகையிட்டால் பூஜ்யம் வரும், ஏனென்றால் 180 டிகிரிக்கு மேல் cos(θ/2) குறை எண். நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது, மூலத்தின் நேர் மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமச்சீர் என்பதால் 0 முதல் π வரை மட்டும் போட்டு (40 வரும்) இரட்டித்தேன். 80 செ.மீ. நிரலும் 80 என்றே சொன்னது. விடையில் π-யே இல்லாமல் 8 × 10 என்று முழு எண்ணாக முடிவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இந்த முறை 82 செ.மீ. வெட்டினேன். கூர்முனையில் கம்பியை மடக்கப் பார்த்தால் அங்கே உருண்டுவிடும் என்பதால், கம்பியின் இரண்டு நுனியும் அங்கே வந்து சேருமாறு வைத்தேன். கம்பியின் நடுக்கோடு பென்சில் கோட்டின் மேல் வருமாறு பார்த்துக்கொண்டது முக்கியம், உள்விளிம்பை ஒட்டி வளைத்தால் சட்டம் கொஞ்சம் பெரிதாகிவிடும். முடித்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சம், 2 இருந்திருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் என் கை விலகலில் போயிருக்கும். மிச்ச நுனியைச் சேர்த்து முறுக்கி, ஆணியில் மாட்டும் கொக்கியாக்கிவிட்டேன்.

அடுத்தது மூன்று இதழ் பூ, `r = 15 cos 3θ`. இதுவும் 180 டிகிரியிலேயே முழுதாக முடியும் வளைவு, புள்ளி வைத்துப் பார்த்துவிட்டேன். நிரலில் 0 முதல் π வரை போட்டதில் 100.2 வந்திருக்கிறது, ஓர் இதழுக்கு 33.4 செ.மீ. ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடையில் இரண்டு மீட்டர் கம்பி வாங்க வேண்டும், அக்கா மகள் இரண்டு பூ கேட்டால் பத்தாது.