வைஃபை முழுமையாக இருந்தும் வங்கி கிடைக்காதபோது

கடைகளில் காட் மெஷின் பொருத்திப் பராமரிக்கும் வேலையில், இணைப்பு இல்லை என்று அழைப்பவர்கள் முதலில் சொல்வது திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளைப் பற்றித்தான். அக்கோடுகள் மெஷினுக்கும் ரவுட்டருக்கும், அல்லது சிம்முக்கும் தொலைபேசிக் கோபுரத்துக்கும் இடையிலுள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அதற்கு அப்பால் வங்கி வரை வழி திறந்திருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை.

வெள்ளவத்தையில் ஒரு சிறிய புடவைக்கடையில் இது தெளிவாகத் தெரிந்தது. வைஃபைக் கோடுகள் முழுமையாக இருந்தும், வாடிக்கையாளர் இரகசிய எண்ணை அழுத்திய பிறகு மெஷின் வங்கியைத் தேடிக்கொண்டே நின்று, ஈற்றில் தொடர்பு கிடைக்கவில்லை என்று முடித்துவிடும். சிம்முக்கு மாற்றினால், நீண்டு உள்ளே போகும் அந்தக் கொங்கிரீட் கட்டடத்தின் பின்பகுதியில் ஒரே ஒரு கோடுதான் கிடைத்தது. மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, சிம் வழியாகக் கொடுப்பனவு உடனே நிறைவேறியது. மெஷினும், சிம்மின் அமைப்பும், வங்கியில் கடையின் பதிவும் சரியாகவே இருக்கின்றன என்பதற்கு அந்த ஒரு பற்றுச்சீட்டே போதுமானதாக இருந்தது.

"தம்பி, என்ர போன் ஹொட்ஸ்பொட்டிலயும் போட்டுப் பார்த்தன், போகேல்லை. மெஷின்தான் பழுது" என்றார் கடைக்கார ஐயா. இரண்டு வைஃபையிலும் தோற்றால் அப்படி நினைப்பது நியாயமே. ஆனால் மெஷினின் வைஃபை அமைப்பைத் திறந்தபோது, முகவரி Static, அதாவது நிலையானது என்று இருந்தது: 192.168.1.50, வெளியே போகும் வழியான நுழைவாயில் 192.168.1.1. அண்மையில் மாற்றிய ரவுட்டரின் முகவரியோ 192.168.8.1. இல்லாத ஒரு நுழைவாயிலுக்கே மெஷின் தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. தொலைபேசிகள் ரவுட்டர் தரும் முகவரியைத் தாமே ஏற்றுக்கொள்வதால் அவற்றுக்கு எந்தத் தடையும் வரவில்லை. அந்த மெஷினில் நிலையான முகவரி எல்லா வைஃபைக்கும் பொதுவாகப் பதிந்திருந்ததால், ஹொட்ஸ்பொட்டிலும் அதே தோல்விதான் நேர்ந்தது. வைஃபைத் தொடர்பு அறுந்தால்தான் அது தானாகச் சிம்முக்கு மாறும். இங்கே ரவுட்டருடனான வைஃபைத் தொடர்பு அறுபடவில்லை.

அமைப்பை மாற்றுவதற்கு முன், அன்றைய விற்பனைகளை வங்கிக்கு அனுப்பி முடிக்கும் செட்டில்மென்ட்டை வாசலில் வைத்தே சிம் வழியாக முடித்தோம். மெஷினில் தேங்கியிருக்கும் விற்பனைகள் வங்கிக்குப் போகாத நிலையில் அதை மீளமைப்பது கடைக்காரரின் பணத்தோடு விளையாடுவதாகும். இணைப்புக் கோளாறு என்றவுடன் மீளமைக்கச் சொல்பவர்களை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. பிறகு Static என்பதை, ரவுட்டர் தரும் முகவரியை ஏற்கும் DHCP என்று மாற்றியதும் மெஷினுக்கு 192.168.8 வரிசையில் ஒரு முகவரி கிடைத்தது. பின்மேசையிலிருந்தே கொடுப்பனவுகள் போகத் தொடங்கின.

நிலையான முகவரியை முன்பு யாரோ காரணத்தோடுதான் இட்டிருந்தார்கள்: பில் போடும் கணினி மெஷினை அந்த முகவரியில்தான் தேடியது. கணினியை இப்போது கடையில் பயன்படுத்துவதில்லை. இன்னும் பயன்படுத்தும் கடைகளில், மெஷினை DHCP-இல் விட்டுவிட்டு, அதற்கென ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி, அந்த முகவரியைக் கணினியில் பதிவதே நல்லது. பின்னர் ரவுட்டரை மாற்றினாலும் மெஷின் வங்கியை எட்டும். புதிய ரவுட்டரிலும் ஒரு முகவரியை ஒதுக்கி, கணினியின் பதிவைத் திருத்தினால் போதும்.