கேபிள் போச்சா? மளிகைக்கடை பூட்டியிருக்கான்னு பாருங்க

சாயங்காலம் ஏழு மணி. சீரியல்ல மருமக வாயைத் திறக்கப் போற நேரம். திரை கட்டம் கட்டமா உடையுது, சத்தம் விக்கி விக்கி வருது, அப்புறம் ஒண்ணுமே இல்லை. அம்மாயி கை போனுக்குப் போயிரும். "ஏனுங்க தம்பி, டிவி ஓடலீங்களே!"

அந்தப் பக்கம் கேபிள்காரர் அன்னைக்கு முப்பதாவது தடவையா அதே பதிலைச் சொல்வார்: "பாக்ஸை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா." அவரைக் குத்தம் சொல்ல முடியாது. "டிவி ஓடல"ங்கிறது டாக்டர்கிட்டப் போய் "மேலுக்கு முடியல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கிற மாதிரி. கோளாறு வீட்டுக்குள்ளயா, கம்பத்துலயா, கணக்குலயா? அதைச் சொன்னா அவர் ஏணியோட வரணுமா, வெறும் கையோட வந்தாப் போதுமா, வரவே வேண்டாமான்னு அவருக்கே தெரிஞ்சிரும்.

முதல்ல திரையில என்ன இருக்குன்னு படிங்க. டிவி கம்பெனி பேரோட No Signal அங்கயும் இங்கயும் மிதக்குதுன்னா, அதை எழுதுறது டிவி, பாக்ஸ் இல்லை. பேரன் ரிமோட்ல சோர்ஸ் பட்டனை அமுக்கிட்டு ஓடியிருப்பான், இல்லைன்னா பாக்ஸுக்கே கரண்ட் போகலை. பாக்ஸ் முகப்புல லைட் எரியுதான்னு பாருங்க. மங்கலா விட்டு விட்டு எரிஞ்சா அடாப்டர் சாகப் போகுதுன்னு அர்த்தம். பாக்ஸுக்கு அடியில எழுதியிருக்கிற அதே வோல்ட்டுல, ஆம்பியர் குறையாம வேற அடாப்டர் போட்டா முடிஞ்சது. வீட்டுல கிடக்கிற மோடம் அடாப்டரைப் பின்னு சேருதுன்னு மட்டும் பாத்துச் சொருகாதீங்க. வோல்ட் கூடிப்போனா பாக்ஸும் சேந்து போயிரலாம்.

மெனு திறக்குது, சேனல் பேரெல்லாம் வருது, படம் மட்டும் இல்லை, சிக்னல் இல்லைன்னு பாக்ஸே சொல்லுதுன்னா பாக்ஸும் டிவியும் நல்லாத்தான் இருக்கு. ஒயர் வழியா ஒண்ணும் வரலை. இலவச சேனல் வருது, கட்டணச் சேனல்ல மட்டும் சந்தா இல்லைன்னு வருதா? அது லைன் கோளாறே இல்லை, பணம் கட்டுற விஷயம். பாக்ஸுக்கு அடியில ஒட்டியிருக்கிற நம்பரைப் படிச்சுச் சொன்னா அவர் உக்காந்த இடத்துல இருந்தே சரி பண்ணுவார்.

சில சேனல் மட்டும் உடையுறதுதான் எல்லாரையும் குழப்புற கோளாறு. "அது சேனல்காரன் தப்பு"ன்னு அப்பிச்சி தீர்ப்பு சொல்லிருவார். உண்மையில ஒயர்ல சேனலெல்லாம் கூட்டம் கூட்டமா வேற வேற அலைவரிசையில வருது. சிக்னல் பலவீனமானா, அனேகமா உயர்ந்த அலைவரிசையில இருக்கிறது முதல்ல படுத்துரும். காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே இருக்கும். ரெண்டு டிவிக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் ஒவ்வொண்ணும் சிக்னலைப் பாதிக்கும் கீழ ஆக்குது. மெத்தை ரூமுக்கு ஒண்ணு, சமையக்கட்டுக்கு ஒண்ணுன்னு ஸ்பிளிட்டருக்குப் பின்னால ஸ்பிளிட்டர் போட்டா கடைசி டிவிக்குக் கால்வாசிகூட வந்து சேராது. சந்தேகம் வந்தா வெளியில இருந்து வர்ற ஒயரை நேரா ஒரு பாக்ஸ்ல மாட்டிப் பாருங்க. படம் தெளிஞ்சா குத்தவாளி நடுவுல இருக்கான்.

பாக்ஸ் பின்னால திருகுற பின்னையும் கழட்டிப் பாருங்க. நடுச் செம்புக் கம்பி விளிம்பைத் தாண்டி ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும். சுத்திப் பின்னியிருக்கிற மெல்லிசுக் கம்பியில ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்டாகி எல்லாமே போயிரும். பச்சையாப் பூத்திருந்தா மழைத்தண்ணி ஒயர் வழியா இறங்கியிருக்கு. தொடைச்சு வெச்சா பத்து நாள் ஓடும், பின்னு மாத்தித்தான் ஆகணும்.

வீட்டுக்குள்ள எல்லாம் சரின்னா தெருவுக்கு வாங்க. பக்கத்து வீட்டுல மட்டும் கேட்டுட்டு நிக்காதீங்க. மேக்கால ஒண்ணு, கெழக்கால ஒண்ணு, அடுத்த வீதியில ஒண்ணு, மூணு இடத்துல கேளுங்க. கன்ட்ரோல் ரூம்ல இருந்து ஃபைபர் வந்து நோடுங்கிற பெட்டியில முடியுது. அங்க இருந்து செம்பு ஒயர் கம்பம் கம்பமாப் போய் வீடுகளுக்குப் பிரியுது. உங்க வீடு மட்டும்னா உங்க வீட்டு ஒயர். கம்பத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் போய், இந்தப் பக்கம் ஓடுதுன்னா நடுவுல ஒயர் அறுந்திருக்கு. போர் போடுற உயரமான திருச்செங்கோட்டு ரிக் லாரி காலையில அந்த வீதியில நுழைஞ்சிருந்தா விசாரணையே தேவையில்லை. கேபிள்காரரோட நெட் கனெக்‌ஷனும் உங்க வீட்டுல இருந்து, அதோட மோடத்துல LOSனு எழுதின லைட் செவப்பா எரிஞ்சா ஃபைபரே போயிருக்கலாம். செம்பு ஒயரை அங்கயே ஜாயின்ட் போட்டுருவார். ஃபைபருக்கு ஒட்டுற மெஷின் வரணும், அம்மாயியை ரேடியோவுக்கு அனுப்பிருங்க.

இனி மளிகைக்கடை. நோடுக்குக் கரண்ட் வேணும். சின்ன ஊர்ல அது பல இடத்துல யாரோ ஒருத்தர் வீட்டுலயோ கடையிலயோ சொருகியிருக்கும். கரண்டு தர்றவருக்குக் கேபிள் சும்மா, அதான் ஒப்பந்தம்.

காங்கயம் பக்கத்து வீதி ஒண்ணை எடுத்துக்கங்க. நோடு மளிகைக்கடைச் செவுத்துல. கடைக்காரர் நாலு மணிக்குக் குடும்பத்தோட பழனிக்குக் கிளம்புறார். பொறுப்பான மனுசன், மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் பூட்டுவார். நோடு பெட்டியில பேட்டரி இருக்கிறதால அப்ப ஒண்ணும் ஆகலை. மூணு மணி நேரம் தாக்குப்பிடிச்சு ஏழு மணிக்குப் படுக்குது, மருமக வாயைத் திறக்கிற நேரம். நாலு மணிக்குப் பூட்டின கடையையும் ஏழு மணிக்குப் போன கேபிளையும் யாரும் முடிச்சுப் போட மாட்டாங்க. "ஒயர் அறுந்துருச்சுங்க"ன்னு முப்பது போன் போகும், கேபிள்காரரும் டார்ச் அடிச்சுக்கிட்டுக் கம்பம் கம்பமாப் பாப்பார்.

அதே அம்மாயி இப்படிச் சொன்னா: "தம்பி, வீதி ரெண்டு பக்கமும் ஏழு மணிக்கு ஒண்ணாப் போச்சுங்க. அடுத்த வீதியில ஓடுது. வீட்டுல கரண்ட் இருக்குது, மெனு வருது. மளிகைக்கடை நாலு மணியில இருந்து பூட்டிக் கெடக்குதுங்க." அவர் ஏணியைத் தேட மாட்டார், சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடுவார். கிடைக்கலைன்னா பக்கத்து வீட்டுல இருந்து ஒயர் இழுத்து நோடுக்குக் கரண்ட் குடுப்பார். மாசாந்திரக் கரண்ட் நிறுத்தம் நோடு இருக்கிற வீதிக்கு மட்டும் வந்து, உங்க வீட்டுல கரண்ட் இருக்கிற நாள்லயும் இதே கதைதான்.

ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்லை. கேபிள் ஒயர் அறுந்து கரண்ட் கம்பி மேல கெடந்தாலோ, வீட்டு ஒயரைத் தொட்டா சுரீர்னு அடிச்சாலோ கை வெக்காதீங்க, பாக்ஸையும் கழட்டாதீங்க. முதல் போன் மின்வாரியத்துக்கு, மின்னகம் 94987 94987. கேபிள்காரருக்கு ரெண்டாவது.

மளிகைக்கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் பஞ்சாமிர்தத்தோட வந்து இறங்குவார். ஷட்டரைத் தூக்கி மெயினைப் போட்டதும் வீதி பூரா டிவி ஒண்ணாக் கத்தும். அவர் வீட்டு டிவியும்தான். "கேபிள் நல்லாத்தானே ஓடுது, என்ன பிரச்சனைங்கிறீங்க?"ம்பார்.