முப்பது கோடியும் பன்னிரண்டு கோடியும்

ஒரு நிறுவனத்தை வாங்கினால் நம் பங்கு ஒன்றுக்கான லாபம், அதாவது இ.பி.எஸ்., கூடுமா குறையுமா என்று பார்க்கும் அக்ரீஷன்-டைல்யூஷன் கணக்கில் பெரும்பாலான வரிகளுக்குத் தணிக்கை செய்த கணக்கோ சந்தை விலையோ ஆதாரமாக இருக்கும். இணைப்பால் வரும் செலவுச் சேமிப்பு என்ற வரிக்கு மட்டும் வாக்குறுதிதான் ஆதாரம். அந்த வரியைப் பற்றி எங்கள் நிதித்துறைத் தலைவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு இன்னும் எனக்குள் தீர்ந்தபாடில்லை.

எண்களைச் சற்று மாற்றி எழுதுகிறேன். எங்கள் நிகர லாபம் 200 கோடி ரூபாய், பங்குகள் 10 கோடி, ஆக இ.பி.எஸ். 20 ரூபாய், பங்கின் சந்தை விலை 400. வாங்க நினைத்த பேக்கேஜிங் நிறுவனத்தின் லாபம் 40 கோடி, பேசிய விலை 1,000 கோடி. முழுவதையும் பங்குகளாகவே கொடுப்பதாக இருந்ததால் 2.5 கோடி புதுப் பங்குகள் வெளியிட வேண்டும். மொத்த லாபமான 240 கோடியை 12.5 கோடிப் பங்குகளுக்குப் பகிர்ந்தால் 19.20 ரூபாய்தான் வருகிறது. நம் பங்கு லாபத்தைப் போல 20 மடங்குக்கு விற்கும்போது 25 மடங்கு கொடுத்து வாங்கினால் இ.பி.எஸ். குறையத்தான் செய்யும்.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் ஆண்டுக்கு 30 கோடி சேமிப்பு. 25 சதவீத வரி போக அது 22.5 கோடி, சேர்த்தால் இ.பி.எஸ். 21 ரூபாய் ஆகிவிடும். பழைய 20 ரூபாயையாவது தக்கவைக்க வரிக்கு முன் சுமார் 13.3 கோடி சேமித்தாக வேண்டும் என்பதால், சொன்னதில் பாதி வந்தாலும் தப்பிவிடலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது.

அந்த 30 கோடி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொள்முதலில் 11 கோடி என்றிருந்தது, 220 கோடி ரூபாய்க் கொள்முதலில் 5 சதவீதம். ஆனால் அதில் 140 கோடி பாலிமருக்குப் போகிறது. அதன் விலை சந்தையோடு ஏறி இறங்குவது. கூடுதலாக வாங்குகிறோம் என்பதற்காகச் சப்ளையர் அதில் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. மிச்சமுள்ள 80 கோடியில் 5 சதவீதம் என்றால் 4 கோடிதான். கிடங்குகளை ஒன்றாக்குவதில் 7 கோடி என்றிருந்தது. இரண்டு கிடங்கின் குத்தகைப் பத்திரத்திலும் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு இடையில் விலக முடியாது என்ற ஷரத்து இருந்தது. ஆள்குறைப்பில் 12 கோடி என்றிருந்தது. அவர்கள் ஊழியர்களின் சம்பளம் எங்களுடையதைவிடக் குறைவு, ஒரே கூரையின்கீழ் வந்ததும் அதை உயர்த்த ஆகும் 4 கோடியை யாரும் கழிக்கவில்லை. கடைசியில் தேறியது 12 கோடி. அந்தக் கணக்கில் இ.பி.எஸ். 19.92. முதல் ஆண்டின் ஒருமுறைச் செலவுகள் அதிலும் சேரவில்லை.

"இதில் உங்களுக்கு உறுதியாகத் தெரிவது எவ்வளவு?" என்று அவர் கேட்டார். "பன்னிரண்டு கோடி, சார்" என்றேன். "அப்படியானால் நாம் எந்த நிறுவனத்தையும் வாங்கவே முடியாது. உள்ளே போய்ப் பார்க்காமல் எல்லாச் சேமிப்பும் பத்திரத்தில் எழுதியா இருக்கும்?" என்றார். 21 ரூபாய் முதல் பக்கத்திலும் என் அட்டவணை பின்னிணைப்பிலுமாக அறிக்கை போர்டுக்குப் போனது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாத வீண்செலவு எந்த நிறுவனத்திலும் இருக்கும். இந்தச் சோதனையும் அவ்வளவு உறுதியானதல்ல: எங்கள் பங்கு 600 ரூபாய்க்கு விற்றிருந்தால் சுமார் 1.67 கோடிப் பங்குகளே போதும். ஒரு ரூபாய் சேமிக்காமலே இ.பி.எஸ். 20.57 ஆகியிருக்கும். வாங்கப்படும் தொழிலில் எதுவும் மாறாமல், எங்கள் பங்கு விலை மட்டும் மாறி விடை தலைகீழாகிறது என்றால், 8 பைசா குறைவை வைத்து நான் வாதாடியது எந்த அளவுக்குப் பொருந்தும்?

ஆனால் சேமிப்பு கிடைத்துவிட்டாலும் கதை முடிவதில்லை. 2015-இல் அமெரிக்க உணவு நிறுவனங்களான கிராஃப்டும் ஹைன்ஸும் இணைந்தபோது 2017 முடிவுக்குள் ஆண்டுக்கு 150 கோடி டாலர் சேமிப்பதாகச் சொன்னார்கள். செலவை உண்மையாகவே கடுமையாக வெட்டினார்கள். 2019 பிப்ரவரியில் அதே நிறுவனம் தன் பிராண்டுகள், நற்பெயர் முதலியவற்றின் மதிப்பில் 1,540 கோடி டாலரைக் குறைத்து எழுதியது. வெட்டியது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், மக்களின் சாப்பாட்டு விருப்பமும் மாறியிருந்தது. என் அட்டவணையில் ஆள்குறைப்பால் இழக்கக்கூடிய விற்பனைக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படிப் பார்த்தால் என்னுடைய 12 கோடியே தாராளமானதாக இருக்கலாம்.

போர்டு ஒப்புக்கொண்டது. பேச்சுவார்த்தையின் கடைசிக் கட்டத்தில் விற்பவர்கள் விலையை ஏற்றியதால் ஒப்பந்தம் முறிந்து, அந்த நிறுவனம் வேறொருவர் கைக்குப் போனது. அவர்கள் கணக்கைத் தனியாக வெளியிடுவதில்லை என்பதால், முப்பதா பன்னிரண்டா என்பதற்கு இனி விடை கிடைக்காது. சேமிப்பின் ஒவ்வொரு கோடிக்கும் எதிரே அதைச் செய்யப்போகிறவரின் பெயரும் தேதியும் எழுதச் சொல்லி இப்போதும் கேட்கிறேன். பெயர் எழுத முடியாததைக் கழிக்கும்போது, அது இல்லாததால் கழிக்கிறேனா, எனக்குத் தெரியாததால் கழிக்கிறேனா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.