சோபாவுக்கு மேல் தஞ்சாவூர் ஓவியம்: போட்டோவை நம்பி ஏமாறப் பார்த்தேன்

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் 36-க்கு 30 அங்குல ஓவியத்துக்கு முன்பணம் கட்டியிருப்பேன். சட்டத்தோடு சேர்த்து மூன்றரை அடி. ஆறரை அடி சோபாவுக்கு மேல் அதை மாட்டியிருந்தால் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகியிருக்கும். தடுத்தது ஒரு டேப்பும் ஒரு கிராஃப் தாளும்.

சுவர் 373 செ.மீ. அகலம். எப்போதும் போல சுவரைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, அதன் மேல் காகிதத் துண்டுகளை நகர்த்திப் பார்ப்பதுதான் திட்டம். அளவுக்காக இந்த முறை சுவரின் இடது ஓரத்தில் ஒரு ஏ4 தாள், வலது ஓரத்தில் ஒன்று என்று ஒட்டினேன். ஏ4 எங்கே வாங்கினாலும் 21-க்கு 29.7 செ.மீ.தான், அதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது.

முதல் போட்டோவில் இடது தாள் 22 மி.மீ. உயரம், வலது தாள் 19. போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருக்கிறேன். இரண்டு தாளும் ஒரே அளவில் வரும்வரை அந்தப் படத்தில் எதையும் அளக்கக் கூடாது. 0.5 லென்ஸ் பக்கமே போகாதீர்கள், ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டுப் போகும். ஹால் 11 அடிதான் என்பதால் பால்கனிக்குப் போய், துணி காயும் கொடிக்குக் கீழே நின்று எடுத்தேன். சுவரிலிருந்து 4.4 மீட்டர். மிச்சமிருந்த கோணலை போனில் ஸ்னாப்சீட் ஆப்பில் நிமிர்த்தினேன். பிரிண்டில் சுவர் 25 செ.மீ. அகலம் வந்தது, அதாவது ஒரு செ.மீ.க்கு 15 செ.மீ. தாள் இரண்டும் 20-க்கு 14 மி.மீ. கணக்கு அப்படியே ஒத்துப் போனது.

அதனால்தான் ஏமாந்தேன். 24-க்கு 18 ஓவியம் சட்டத்தோடு 30-க்கு 24 அங்குலம் வரும். பிரிண்டில் 5.1 செ.மீ. துண்டு. சோபாவுக்கு மேல் வைத்தால் தபால் தலை ஒட்டியது போல் இருந்தது. அடுத்த அளவு, அதற்கடுத்த அளவு என்று ஏறிப் போய் 36-க்கு 30-இல் நின்றேன்.

ராத்திரி ஏதோ உறுத்தி, பிரிண்டில் சோபாவையே அளந்தேன். 198 செ.மீ. சோபா 13.2 செ.மீ. இருக்க வேண்டும். இருந்ததோ 16.4! ஏ4 தாள் ஒட்டியிருப்பது சுவரில். சோபாவின் முன்பக்கம் சுவரிலிருந்து 85 செ.மீ. வெளியே, கேமராவுக்கு 3.55 மீட்டரிலேயே இருக்கிறது. 4.4-ஐ 3.55-ஆல் வகுத்தால் 1.24. அதாவது, போட்டோவில் சோபா கிட்டத்தட்ட ஒன்றரை அடி கொழுத்துவிட்டது. ஓவியம் சுவரோடு ஒட்டி இருப்பதால் அதன் அளவு சரி, பக்கத்தில் இருப்பதுதான் பொய். சுவரில் இருக்கும் அளவு சுவருக்கு மட்டும்தான் செல்லும்.

அப்புறம் கிராஃப் தாளில் அதே அளவில் சுவரையும் சோபாவையும் டேப் வைத்து அளந்தபடி வரைந்தேன். அதே 5.1 செ.மீ. துண்டு இப்போது அடக்கமாக உட்கார்ந்தது. இரு பக்கமும் சின்ன குடும்பப் போட்டோ வைக்க இடமும் மிச்சம். போட்டோ வீண் என்று சொல்லவில்லை. ஏசி வயர் இறங்கும் வெள்ளைப் பட்டையை நான் வரையவே மறந்திருந்தேன், அதை அதுதான் காட்டிக் கொடுத்தது.

கடைசியில் தினசரித் தாள்களைச் சேர்த்து 30-க்கு 24 அங்குலத்தில் வெட்டி, மாஸ்கிங் டேப்பில் ஒட்டினேன். (செல்லோ டேப் பெயின்டையும் சேர்த்து உரிக்கும்.) "ஏம்மா, சுவத்துல ராசிபலனைத் தொங்கவிட்டிருக்க?" என்றார் அப்பா. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் கீழ் ஓரத்தில் வட்டமாகத் தேங்காய் எண்ணெய்க் கறை. அப்பா தலை சாய்க்கும் இடம். எந்த வரைபடமும் இதைச் சொல்லியிருக்காது. நான்கு அங்குலம் உயர்த்தி ஒட்டியிருக்கிறேன், இதுவரை கறை இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கடையில் 24-க்கு 18 என்று சொன்னால் பெரும்பாலும் அது ஓவியத்தின் அளவு மட்டும்தான். சட்டத்தின் வெளி அளவைக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் விசாரித்த கடையில் சட்டம் எத்தனை அங்குலம் என்று கேட்டதற்கு, "அழகா இருக்கும் மேடம்" என்று பதில் வந்தது.

ஆணி இன்னும் அடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் டியூப்லைட் இருக்கிறது, ராத்திரியில் கண்ணாடியில் அது பளிச்சென்று விழுமோ என்று சந்தேகம். மாமியாரின் பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்று பரணில் கிடக்கிறது. அதை எடுத்து அந்த இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரையும் அளந்து வைத்துவிட்டேன்.