கையில் சிராய்ப்பு, கட்டத்தில் மரணம்: தீவிர மதிப்பீட்டு வினாவுக்கு விடை எழுதும் முறை

தொழிற்பாதுகாப்புப் பட்டயத் தேர்வில், ஒரு நிகழ்வை விவரித்துவிட்டு, அதில் நேர்ந்த தீவிரத்தையும் நேர்ந்திருக்கக்கூடிய தீவிரத்தையும் விளைவையும் வாய்ப்பையும் இரண்டு அச்சுகளாகக் கொண்ட மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையில் குறித்துக் காரணம் எழுதச் சொல்லும் வினா ஒன்று வருவதுண்டு. சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட இதில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கட்டத்தின் பெயரை எழுதினால் விடை முடிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணுவதே அதற்குக் காரணம். இந்தத் தேர்வுக்காக நான் பயிற்சி செய்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, விடையை எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்கிறேன்.

நிகழ்வு இதுதான். ஒரு கட்டுமானத் தளத்தில் சாரம் பிரிக்கும் வேலை நடக்கிறது. 18 மீட்டர் உயரத்திலுள்ள மேடையில், பொருட்கள் கீழே விழாமல் தடுக்கும் ஓரப்பலகையை முதலிலேயே கழற்றிவிட்டார்கள். சாரக் குழாய்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றி, வாளியில் போடாமல் பலகையின் மீதே வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு கிலோ எடையுள்ள ஒன்று காலில் இடறிக் கீழே விழுகிறது. கீழே எச்சரிக்கை நாடா கட்டப்பட்டிருந்தாலும், குறுக்கு வழியாகப் போவதற்காக ஹெல்மெட் அணிந்த ஒரு தொழிலாளி அதைத் தூக்கிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். கப்ளர் அவருக்கு ஒரு மீட்டர் தள்ளித் தரையில் விழ, தெறித்த கான்கிரீட் சில்லு அவர் கையில் சிராய்ப்பை உண்டாக்குகிறது. முதலுதவி பெற்றுக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்.

மேட்ரிக்ஸைப் பொறுத்தவரை, பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு விபத்து விசாரணைக்காக வெளியிட்ட எச்.எஸ்.ஜி. 245 வழிகாட்டியில் உள்ள அமைப்பு எளிமையானது. விளைவின் அச்சில் சிறியது, கடுமையானது, பெரியது, மரணம் என்று நான்கு நிலைகள் உள்ளன. வழக்கமான வேலையை மூன்று நாட்களுக்கு மேல் தொடர்ந்து செய்ய இயலாமல் போனால் அது கடுமையானது. அதற்குக் குறைவானது சிறியது. மற்றோர் அச்சில், நிகழ்வு திரும்ப நடக்கும் வாய்ப்பு, நிச்சயம் என்பதிலிருந்து அரிது என்பது வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

நேர்ந்த தீவிரத்தை மதிப்பிடுவதில் சிக்கல் இல்லை. சிராய்ப்பு, முதலுதவி, உடனே வேலைக்குத் திரும்பியது ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுச் "சிறியது" என்று எழுதினால் போதும். மேட்ரிக்ஸின் வரையறைச் சொற்களை அப்படியே எடுத்தாண்டு, நிகழ்வின் உண்மைகளை அவற்றோடு பொருத்திக் காட்ட வேண்டும். ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

நேர்ந்திருக்கக்கூடிய தீவிரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "மிக மோசமாக என்ன நடந்திருக்கலாம்" என்று கேட்டுக்கொண்டால் எல்லா நிகழ்வுகளும் மரணத்தில் போய் முடியும். அலுவலகத் தரையில் வழுக்கியவர்கூடத் தலை அடிபட்டு இறந்திருக்கலாம் என்று எழுதத் தோன்றும். நான் கடைப்பிடித்த விதி வேறு. நிகழ்வில் வெறும் தற்செயலாக அமைந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றவை எல்லாம் நடந்தபடியே இருக்கட்டும். இங்கே தற்செயலாக அமைந்தது அந்தத் தொழிலாளி நின்ற இடம். அவர் ஒரு காலடி முன்னதாக எடுத்து வைத்திருந்தால் கப்ளர் அவர் தலையில் விழுந்திருக்கும். உயரத்தையும் எடையையும் கூட்ட வேண்டியதில்லை. இல்லாத இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தவும் வேண்டியதில்லை.

தலையில் விழுந்திருந்தால் மரணம் என்பதற்கும் காரணம் காட்ட வேண்டும். இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு பத்து வாக்கியங்களின் வேலையைச் செய்யும். எடை 1 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 18 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 176 ஜூல். தரையை எட்டும்போது அதன் வேகம் மணிக்கு 68 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். "அவர் ஹெல்மெட் அணிந்திருந்தாரே" என்ற கேள்வி உடனே எழும். ஐரோப்பியத் தரமான இ.என். 397-இன் மோதலைத் தாங்கும் சோதனையில், 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் மேல் விழவிடுகிறார்கள். அதன் ஆற்றல் சுமார் 49 ஜூல்தான். நம் கப்ளர் கொண்டுவருவது அதைப்போல மூன்றரை மடங்கு என்பதால், ஹெல்மெட்டைக் காட்டி நிலையைக் குறைக்க முடியாது.

தடுப்பு வேலை செய்ததா, அதிர்ஷ்டம் காப்பாற்றியதா என்பதை விடையில் வெளிப்படையாகப் பிரித்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு வலை கப்ளரைத் தாங்கியிருந்தால், அது திட்டமிட்டு வைத்த தடுப்பு. அது சரியான நிலையில் இருந்ததற்குச் சான்று இருந்தால் மதிப்பீட்டில் கணக்கில் கொள்ளலாம். இங்கேயோ நாடா இருந்தும் மீறப்பட்டிருக்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை.

வாய்ப்பு அச்சில், "நிகழ்வு ஏற்கெனவே நடந்துவிட்டதால் நிச்சயம்" என்று எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை. இதே சூழ்நிலை தொடர்ந்தால் மீண்டும் நடக்குமா என்பதே கேள்வி. சாரம் பிரிக்கும் வேலை இன்னும் பல நாட்கள் இருக்கிறது, ஓரப்பலகையை முதலில் கழற்றுவதே அங்கு வழக்கமாக இருக்கிறது, நாடாவைத் தாண்டுவதை யாரும் தடுக்கவில்லை என்றால், அன்றாடம் நடக்காவிட்டாலும் மீண்டும் நடக்கும் என்ற பொருளில் "நடக்கக்கூடியது" என்று குறிக்கலாம். மரணமும் இந்த வாய்ப்பும் சந்திக்கும் கட்டம் உயர் இடர். ஆகவே உயர்நிலை விசாரணை தேவை.

எங்கள் படிப்புக் குழுவில் ஒருவர் விடையை மற்றவர் திருத்தியபோது அடிக்கடி கண்ட வாக்கியம், "இது மிகவும் ஆபத்தான நிகழ்வு, யாராவது இறந்திருக்கலாம், எனவே உயர் இடர்" என்பது. முடிவு சரிதான், ஆனால் எந்த நிகழ்வுக்கும் இதை ஒட்டிவிடலாம். இதற்குப் பதிலாகப் பின்வருமாறு எழுதலாம்:

"நேர்ந்த தீவிரம் சிறியது; கையில் ஏற்பட்ட சிராய்ப்புக்கு முதலுதவி மட்டுமே தேவைப்பட்டது, பணியிழப்பு இல்லை. நேர்ந்திருக்கக்கூடிய தீவிரம் மரணம். 18 மீட்டரிலிருந்து விழுந்த ஒரு கிலோ கப்ளரின் ஆற்றல் ஹெல்மெட் சோதிக்கப்படும் அளவைவிடப் பல மடங்கு அதிகம், தொழிலாளி அதன் பாதையில் இல்லாமல் போனது தற்செயல். ஓரப்பலகை அகற்றப்பட்டதும் நாடா மீறப்பட்டதும் தொடரும் நிலைமைகள் என்பதால் மீண்டும் நடக்கக்கூடும்."

இதே வினாவில் ஒப்பீட்டுக்காக இரண்டாவது நிகழ்வு ஒன்றையும் கொடுப்பார்கள். கடைசிப் படியில் கால் பிசகி, கணுக்கால் சுளுக்கி ஒரு வாரம் விடுப்பில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ந்த தீவிரம் "கடுமையானது". சிராய்ப்பைவிட ஒரு நிலை மேல். ஆனால் ஒரே படி உயரத்தில் தற்செயலை மாற்றிப் பார்த்தாலும் அது "மரணம்" என்ற நிலை வரை போகாது. ஆகவே விசாரணையின் ஆழம் கப்ளர் நிகழ்வுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு. நேர்ந்திருக்கக்கூடிய நிலை நேர்ந்த நிலைக்குக் கீழே வரவே முடியாது என்பதையும் விடையை முடிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைகளுக்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்டால், வழக்கமாக இரண்டு அச்சுகளையும் குறைத்துவிடுகிறார்கள். ஓரப்பலகையைக் கடைசியில் கழற்றுவதும், கப்ளர்களை உடனே வாளியில் போடுவதும், நாடாவுக்குப் பதில் வேலி அமைப்பதும் வாய்ப்பை மட்டுமே குறைக்கும். 18 மீட்டரிலிருந்து விழும் கப்ளரின் ஆற்றல் அப்படியே இருக்கிறது. எனவே விளைவு "மரணம்" என்ற நிலையிலேயே நிற்க, வாய்ப்பு மட்டும் "அரிது" என்ற நிலையை நோக்கி நகர்ந்திருப்பதை எழுதி, அந்த நகர்வுக்கு எந்த நடவடிக்கை காரணம் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.