மூன்று ஊர்க் கடிகாரங்களும் ஒரு கோவை அரங்கமும்: மாநாட்டு நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

நவம்பர் 1, 2 தேதிகளில் சுவடிப் பதிப்பு பற்றிய மாநாடு. கோவை அரங்கில் 200 பேர் வரை உட்காரலாம். மற்றவர்கள் யூடியூபில் பார்ப்பார்கள். பேச்சாளர்களில் மூன்று பேர் மெல்பர்ன், லண்டன், டொராண்டோவிலிருந்து ஜூம் வழியாகப் பேசுகிறார்கள்.

தேதியைப் பார்த்ததுமே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. லண்டனில் அக்டோபர் 26-ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். டொராண்டோவில் அது நவம்பர் 2 அதிகாலை, அதாவது நம் மாநாட்டின் இரண்டாம் நாள். நமக்குக் கடிகாரம் மாறுவதே இல்லை என்பதால் இது நம் நினைவுக்கு வராது. டொராண்டோ பேச்சாளரின் அமர்வு ஞாயிறு மாலை 6 மணிக்கு. முதல் நாள் மாலை 6 என்றால் அவருக்குக் காலை 8.30, மறுநாள் அதே 6 மணி காலை 7.30. சனிக்கிழமைப் பழக்கத்தில் வந்தால் ஒரு மணி நேரம் தாமதம்.

மனக்கணக்கு போடாமல் கணினியையே கேட்டுவிடலாம். லினக்ஸில்:

```
TZ=America/Toronto date -d '2025-11-02 18:00 +0530'
```

காலை 7.30 என்று வரும். அழைப்பிதழில் `EST` என்று மட்டும் எழுதுவதைத் தவிர்க்கிறோம். அது டொராண்டோவின் குளிர்கால நேரம், அக்டோபரில் அங்கே ஓடுவது கோடைகால நேரமான `EDT`. மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பார்த்து அவரவர் ஒரு கணக்குப் போடுவார்கள். நாள்காட்டி அழைப்பை `Asia/Kolkata` நேரத்தில் உருவாக்கி அனுப்பினால் அவர்களுடைய போனில் சரியான நேரம் தானாக விழும். அதோடு மின்னஞ்சலிலும் இரண்டு ஊரின் நாளையும் மணியையும் முழுவதுமாக எழுதுகிறோம்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முன்பே அரங்கின் ஒலி அமைப்பைப் பார்த்துவிட்டோம். கலப்பு மாநாட்டில் அதிகம் பாழாவது இங்கேதான்.

தூரத்துப் பேச்சாளரின் குரல் மடிக்கணினியிலிருந்து மிக்ஸருக்கு வந்து, அரங்க ஒலிபெருக்கியில் கேட்கிறது. அரங்க மைக்குகளின் ஒலி மிக்ஸரிலிருந்து மடிக்கணினி வழியாக அவருக்குப் போகிறது. மிக்ஸரின் பொது வெளியீட்டை அப்படியே ஜூமுக்குக் கொடுத்தால் அவருடைய குரலே அவருக்குச் சற்றுத் தாமதமாகத் திரும்பிப் போகும். தன் குரல் கால் வினாடி கழித்துக் காதில் விழுந்தால் எந்தப் பேச்சாளருக்கும் நாக்குக் குழறும்.

இதற்கு மிக்ஸரில் ஒரு ஆக்ஸ் வெளியீட்டை, அதாவது எந்தச் சேனலின் ஒலி எவ்வளவு போக வேண்டும் என்று நாமே வைக்கும் துணை வெளியீட்டை, தனியாக எடுத்து அதையே ஜூமுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆக்ஸில் மைக் சேனல்கள் எல்லாம் திறந்திருக்கும். மடிக்கணினி சேனலின் ஆக்ஸ் குமிழ் மட்டும் சுழியத்தில் இருக்கும். அந்தக் குமிழின் மேல் சிவப்பு டேப் ஒட்டியாயிற்று. இல்லையென்றால் யாராவது நல்லெண்ணத்தோடு திருப்பிவிடுவார்கள்.

அப்படியும் எதிரொலி வந்தால் அது காற்று வழியாக வருவது: ஒலிபெருக்கியின் சத்தத்தை மேடை மைக் பிடிக்கிறது. தூரத்தவர் பேசும்போது மேடை மைக்குகளை அடக்கிவைப்பதுதான் வழி. எதிரொலி கேட்கிறவரின் பக்கத்தில் பெரும்பாலும் பிழை இருக்காது. லண்டன்காரருக்குத் தன் குரல் திரும்பக் கேட்டால், நாம்தான் நம் அரங்கத்தைத் திருத்த வேண்டும்.

அக்டோபர் 25, சனி

பிற்பகல் 3 மணிக்கு லண்டன் பேச்சாளரோடு ஒத்திகை. அங்கே காலை 10.30. அடுத்த சனிக்கிழமை இதே 3 மணி அவருக்கு 9.30 என்பதை இரண்டு முறை சொல்லி, அவர் வாயாலும் சொல்ல வைத்தோம்.

மூவரிடமும் கேட்டவை இரண்டு. பேச்சின் பதிவு 48 மணி நேரம் முன்னதாக வர வேண்டும். ஸ்லைடுகளின் பிடிஎஃப் பிரதி வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் எண் பெரிதாக இருக்க வேண்டும். எண் எதற்கு என்பது கேள்வி நேரத்தில் புரியும்.

அக்டோபர் 31, வெள்ளி

தாமதம் இரண்டு வகை, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஜூமில் இருப்பது வினாடியின் ஒரு பகுதிதான். ஆனால் அது பேச்சின் தாளத்தைக் கெடுக்கும். யூடியூபில் நாம் வைத்திருக்கும் அமைப்பில் இன்று அளந்தது 22 வினாடி. அரங்கத் திரையில் ஒரு கடிகாரத்தைக் காட்டி, போனில் ஓடும் யூடியூபோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தாமதத்தைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. ஆனால் இணையம் தடுமாறினால் பார்ப்பவர்களுக்குப் படம் அடிக்கடி நின்று சுழலும். பேச்சைக் கேட்க வந்தவர்களுக்கு 22 வினாடி பாதகமில்லை. கணக்கை நாம் போட்டுக்கொண்டால் போதும்.

நெறியாளருக்குச் சொன்ன முக்கியமான பழக்கம்: "ம்ம்", "ஆமாம்ங்க", "சரிங்க" வேண்டாம். நேரில் அது மரியாதை. ஜூமில் இந்த ஒலி நுழையும் கணத்தில் பேசுகிறவரின் சொல் ஒன்று அமுங்கிப்போகும். தலையை ஆட்டினால் போதும். கேள்வியை முடிக்கும்போது "ஐயா, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு வினாடி வாயைத் திறக்கக் கூடாது. அந்த அமைதி அரங்கில் நீளமாகத் தெரியும். பதில் வரவில்லையே என்று மறுபடி பேசினால் இருவர் குரலும் மோதி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

நவம்பர் 1, சனி

காலை 10.30, மெல்பர்னில் மாலை 4. அமர்வு நன்றாகப் போயிற்று. கேள்வி நேரத்தில்தான் பாடம்.

"கேள்வி இருந்தால் எழுதுங்கள்" என்று பேச்சு முடிந்த பிறகு அறிவித்தோம். அது யூடியூபில் கேட்க 22 வினாடி, தமிழில் ஒரு கேள்வி தட்டச்சு செய்ய ஒரு நிமிடமாவது ஆகும். முதல் கேள்வி வருவதற்குள் அரங்கத்தில் சலசலப்பு. பிற்பகலில் மாற்றினோம்: பேச்சு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதே திரையின் அடியில் அறிவிப்பு ஓடியது, முதல் இரண்டு கேள்விகள் அரங்கத்திலிருந்து. அதற்குள் இணையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

அரட்டையைப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் யூடியூபிலும் ஜூமிலும் வருவதைப் பொதுத்தாள் ஒன்றில் சேர்க்கிறார்: பெயர், ஊர், கேள்வி. ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் ஒன்றாக்கி மூவர் பெயரையும் போடுகிறார். மற்றவர் அதிலிருந்து தேர்ந்து வாசிக்கிறார். "indha paadam sariya" போல ஆங்கில எழுத்தில் வருபவற்றைச் சேர்ப்பவரே தமிழ் எழுத்தில் மாற்றிவிட வேண்டும். மேடையில் எழுத்துக்கூட்டி வாசித்தால் கேட்டவருக்கு அவமதிப்பாக இருக்கும். "அந்தப் படத்தில் இருப்பது எந்தச் சுவடி?" என்ற கேள்வி வருவதற்குள் இரண்டு ஸ்லைடு நகர்ந்திருந்தது. பக்க எண் குறிப்பிட்டவர்களின் கேள்வி உடனே பேச்சாளருக்குப் போயிற்று.

அரங்கத்தில் கேட்பவர் கையில் மைக் வரும்வரை பேச விடக்கூடாது. உரத்த குரல் அரங்கத்துக்குப் போதும், மெல்பர்னுக்குப் போகாது.

நவம்பர் 2, ஞாயிறு

டொராண்டோ பேச்சாளர் 5.30-க்கே இணைந்துவிட்டார், அங்கே காலை 7.

6.14-க்கு அவர் முகம் உறைந்தது, குரல் துண்டு துண்டாக வந்தது. முதல் கேள்வி, கோளாறு யார் பக்கம் என்பது. ஜூமில் காத்திருந்த லண்டன் பேச்சாளரை அரட்டையில் கேட்டோம். டொராண்டோ அவருக்கும் உடைந்தே கேட்டது, நம் அரங்கம் அவருக்குத் தெளிவாக இருந்தது. அப்படியானால் நம் இணைப்பில் குறையில்லை. அவருக்கும் நாம் உடைந்திருந்தால் உடனே நம் மாற்று இணைப்புக்கு, வேறொரு நிறுவனத்தின் 5ஜி கருவிக்கு, மாறியிருப்போம்.

பேச்சாளரைக் காமிராவையும் திரைப்பகிர்வையும் நிறுத்தச் சொன்னோம். குரலுக்கு மிகக் குறைந்த அலைவரிசை போதும். அவருடைய பிடிஎஃப்பை அரங்கக் கணினியில் திறந்து, "அடுத்தது" என்று அவர் சொல்லச் சொல்ல நாங்களே நகர்த்தினோம். 6.16-க்குக் குரல் தெளிந்தது. தெளியாவிட்டால் அடுத்த படி தொலைபேசி வழியாக ஜூமில் சேர்ப்பது. அதுவும் ஒரு நிமிடத்தில் ஆகாவிட்டால் விட்ட இடத்திலிருந்து பதிவை ஓட்டுவது. பதிவில் எந்த நிமிடத்தில் எந்த ஸ்லைடு என்ற பட்டியல் மேசையில் தயாராக இருந்தது.

முடிவில் அரங்கம் கைதட்டியது அவருக்குக் கேட்டிருக்காது. இரைச்சலைக் குறைக்கும் ஜூமின் வடிகட்டி கைதட்டலையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. அரங்கக் காமிராவை மக்கள் பக்கம் திருப்பினோம்.

வாசிக்க நேரமில்லாத 11 கேள்விகளைப் பொதுத்தாளிலிருந்து மூவருக்கும் பிரித்து அனுப்பியாயிற்று. பதில்கள் வந்ததும் கேட்டவர் பெயரோடு காணொளியின் கீழே சேரும்.